48 இலக்கங்கள்: மறுநாள் கெடு, உயிர் வராத லேப்டாப்

அக்டோபர் கடைசி வாரம். சுங்கை சிப்புட்டில் அந்த மாதம் முழுக்க மாலையானால் இடியும் மழையும்தான். இரவு 9.20 இருக்கும், கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டேன். அப்போது தோட்டத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்கள். தூறல் விடவில்லை. அந்தப் பிள்ளை ஒரு துண்டில் சுற்றி, அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, ஆன் ஆகவே மாட்டேங்குது. நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள ப்ராஜெக்ட் அனுப்பணும்."

அவள் டிப்ளோமா கடைசி ஆண்டு மாணவி. செம்பனை நாற்றுப் பண்ணையில் மண் ஈரத்தை அளக்கும் ஒரு சிறு கருவியைச் செய்து, ஆறு வாரம் அளவு எடுத்து, அறிக்கை எழுதியிருந்தாள். மொத்தம் 62 பக்கம். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்றாள், அதனால் போடவில்லை. அன்று இரவு நடந்ததில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதினால்தான் இது மற்றவர்களுக்குப் பயன்படும்.

முதலில் கேட்ட கேள்வி

லேப்டாப்பைக் கையில் வாங்கியதும் திருப்புளியை எடுக்கவில்லை. "ஃபைல் வேற எங்கெல்லாம் இருக்கும்மா?" என்று கேட்டேன்.

இந்தத் தொழிலில் நான் மெதுவாகக் கற்றுக்கொண்டது இது. கெடு என்று ஓடி வருகிறவருக்கு அன்று இரவு தேவைப்படுவது லேப்டாப் இல்லை, ஃபைல்தான். லேப்டாப்பை அடுத்த வாரம்கூடப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு விடிய விடிய மதர்போர்டோடு மல்லாடி, காலையில் இரண்டும் இல்லாமல் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபைல் டெஸ்க்டாப்பில் இருந்தது. டெஸ்க்டாப் ஒன்டிரைவோடு இணைந்துதான் இருந்தது, ஆனால் அதில் இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி போன மாதமே நிரம்பிவிட்டது. மேகச் சின்னத்தின் மேல் ஒரு எச்சரிக்கைக் குறி நாள்கணக்காக நின்றிருக்கிறது, அவள் கவனிக்கவில்லை. நிரம்பிய பிறகு எழுதியது எதுவும் மேலே போகாது. ஜிமெயிலில் தேடினோம், ஒன்றும் இல்லை. பிறகு வாட்சப்பில் தேடினோம். ஒன்பது நாள் முன்பு தோழிக்கு அனுப்பிய முதல் மூன்று அத்தியாயங்கள் கிடைத்தன. அளவுகள் பதிந்த மெமரி கார்டு கருவியிலேயே இருந்தது, கருவி வீட்டில் பத்திரமாக இருந்தது. ஆக, லேப்டாப்பில் மட்டும் இருந்தவை நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களும் வரைபடங்களும்.

"அந்த ரெண்டு அத்தியாயத்தையும் திரும்ப எழுத எவ்வளவு நேரம் ஆகும்?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏழு மணி நேரம்" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் கணக்குச் சரியாகத்தான் சொன்னாள்.

அப்போது மணி 9.40. பன்னிரண்டு மணிக் கெடுவுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சரி, இரவு 11.30 வரை நான் முயன்று பார்ப்பேன், அதற்குள் முடியாவிட்டால் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு எழுத உட்கார வேண்டியதுதான் என்று முடிவு செய்தோம். 11.30 வரை அவள் சும்மா இருக்கவும் வேண்டாம். கடையின் கம்ப்யூட்டரில் வாட்சப் பிரதியை இறக்கிக் கொடுத்து, நான்காம் அத்தியாயத்தைத் தொடங்கச் சொன்னேன். அப்பா வீட்டுக்குப் போய் மெமரி கார்டை எடுத்து வரக் கிளம்பினார். அன்றைய இரவில் நான் எடுத்த நல்ல முடிவு இது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். லேப்டாப் உயிர் பெறாவிட்டாலும் அவள் காலையில் வெறுங்கையோடு நிற்கமாட்டாள்.

"ஆன் ஆகவில்லை" என்பதில் எத்தனை வகை

"ஆன் ஆகவில்லை" என்று வருகிற லேப்டாப்புகள் எல்லாம் ஒரே நோயோடு வருவதில்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு விளக்கும் எரியாமல், காற்றாடியும் சுற்றாமல் இருந்தால் அது மின்சாரப் பிரச்சினை. விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பு என்றால் அது மெமரியாகவோ திரையாகவோ இருக்கலாம். அந்த நேரத்தில் Caps Lock பொத்தானைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் அதன் விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறினால் உள்ளே போர்டு உயிரோடு இருக்கிறது, படம்தான் வரவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கம்பெனி சின்னம் வந்து அதற்கு மேல் நகரவில்லை என்றால் டிஸ்க்கையோ விண்டோஸையோ பார்க்க வேண்டும். எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் செய்கிற வேலை பாதி நேரம் வீண்.

இவளுடையது முதல் வகை. ஒரு விளக்கும் இல்லை.

எப்படி நின்றது என்று கேட்டேன். மாலை ஏழு மணிக்குப் பக்கத்தில் பெரிய இடி, வீட்டில் மெயின் சுவிட்ச் விழுந்தது, அதே நொடியில் லேப்டாப்பும் அணைந்தது என்றாள். இதில் ஒரு முக்கியமான குறிப்பு இருக்கிறது. பேட்டரி நல்ல நிலையில் உள்ள லேப்டாப், வீட்டில் மின்சாரம் போனால் அணையாது. அவளுடைய பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கக்கூடியது. அப்படியிருந்தும் அதே நொடியில் அணைந்ததென்றால், மின்வெட்டு அதற்குக் காரணமாக இருக்க முடியாது. இடியோடு கம்பி வழியாக வந்த அதிர்ச்சி போர்டைத் தொட்டிருக்க வேண்டும். வீட்டு மோடமும் செத்துவிட்டது என்று அப்பா சொன்னார். மலேசியா மின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று. இந்தப் பக்கம் எங்கள் கடைக்கு வருகிற மோடம்களில் பல மழைக்கு மறுநாள்தான் வருகின்றன.

சார்ஜரை மல்டிமீட்டரில் பார்த்தேன். அதன் மேல் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்று போட்டிருந்தது. முள் 19.2 காட்டியது. சார்ஜர் பிழைத்திருக்கிறது. (உருண்டை முனை சார்ஜரை இப்படி அளக்கலாம். டைப்-சி சார்ஜர் லேப்டாப்போடு பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் முழு வோல்ட்டைத் தரும், அதனால் வெறும் முனையில் மீட்டரை வைத்து அது கெட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.)

சார்ஜர் நல்லது, பேட்டரி நல்லது, ஆனால் ஒரு விளக்கும் இல்லை. இந்த நிலையில் போர்டு எரிந்திருக்கலாம், அல்லது உறைந்து போயிருக்கலாம். ஒவ்வொரு லேப்டாப்பிலும் பவர் பொத்தானையும் சார்ஜையும் கவனிக்கிற ஒரு சிறிய சில்லு உண்டு, இ.சி. என்போம். லேப்டாப் அணைந்திருக்கும்போதும் அது பேட்டரியில் விழித்துக்கொண்டே இருக்கும். திடீர் அதிர்ச்சியில் அது குழம்பி நின்றுவிட்டால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதற்குக் கேட்காது. அதற்குப் போகும் மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து, மிச்சம் மீதியையும் வடியவிட்டால் பல நேரம் தெளிந்துவிடும்.

முதலில் எளிய முறை: சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடிப்பது. பிடித்தேன். பிறகு சார்ஜரைச் செருகி அழுத்தினேன். ஒன்றும் இல்லை. இது வீட்டிலேயே யாரும் செய்து பார்க்கக்கூடியது, கெடுதல் எதுவும் வராது. ஆனால் பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட லேப்டாப்பில் பேட்டரி இன்னும் இணைந்துதானே இருக்கிறது, அதனால் சில சமயம் இது போதாது.

நான் செய்த தவறு

பின் மூடியைத் திறந்தேன். பத்துத் திருகு. அதில் இரண்டு பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. அவை தெரியாமல் நெம்பித்தான் பலர் மூடியை உடைத்துக்கொள்கிறார்கள். உள்ளே எரிந்த வாடை இல்லை, கருகிய தடமும் இல்லை. பேட்டரியின் இணைப்பைப் போர்டிலிருந்து கழற்றினேன். அதுவரை எல்லாம் சரி.

அப்புறம், பழைய லேப்டாப்புகளில் செய்து பழகிய கை, பக்கத்தில் வயரோடு கிடந்த காயின் பேட்டரியையும் கழற்றிவிட்டது. நாணயம் மாதிரி வட்டமாக, 3 வோல்ட்டில் இருக்கும் சிறிய பேட்டரி அது. லேப்டாப்பின் கடிகாரத்தையும், சில மாடல்களில், விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயோஸின் அமைப்புகளையும் அதுதான் காப்பாற்றி வைக்கிறது.

பொத்தானை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் மாட்டி, சார்ஜரைச் செருகினேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தினேன், காற்றாடி சுற்றியது. நாற்காலியிலிருந்து அந்தப் பிள்ளை எழுந்து ஓடி வந்தாள். கம்பெனி சின்னம் வந்தது. மணி 10.15.

அடுத்து வந்தது நீலத் திரை. மேலே "BitLocker recovery" என்று எழுதி, கீழே ஒரு நீளக் கட்டம். இந்த டிரைவைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடு என்கிறது.

"அண்ணே, நான் பாஸ்வேர்டு எதுவும் போடலையே" என்றாள். உண்மைதான். அவள் போடவில்லை. விண்டோஸ் 11 லேப்டாப்பில் முதல் முறை மைக்ரோசாஃப்ட் கணக்காலோ கல்லூரிக் கணக்காலோ நுழையும்போது, அந்த லேப்டாப்புக்குத் தகுதி இருந்தால், டிஸ்க் முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடும். விலை குறைந்த ஹோம் பதிப்பிலும் இப்படித்தான். 2024இல் வந்த 24H2 பதிப்பில் அந்தத் தகுதி விதிகளைத் தளர்த்திவிட்டார்கள், அதனால் இன்னும் நிறைய லேப்டாப்புகள் இப்படிப் பூட்டிய நிலையில் இருக்கின்றன. பூட்டியிருப்பது உரிமையாளருக்கே தெரியாது, ஏனென்றால் தினமும் அது தானாகத் திறந்துகொள்கிறது.

அந்தத் தானாகத் திறப்பது எப்படி என்று தெரிந்தால்தான் என் தவறு புரியும். டிஸ்க்கின் சாவியை டி.பி.எம். என்ற சில்லு வைத்திருக்கிறது. அதைத் தோட்டத்து ஜாகா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் எழும்போது வாசலில் எல்லாம் நேற்று இருந்தபடியே இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். இருந்தால் கேட்காமலே சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஏதாவது மாறியிருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுச் சாவியைத் தரமாட்டார். அவர் முக்கியமாகப் பார்ப்பது Secure Boot என்ற பாதுகாப்பு அமைப்பை.

F2 தட்டிப் பயோஸுக்குள் போனேன். தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தது. Secure Boot அணைந்திருந்தது. காயின் பேட்டரியைக் கழற்றியதில் இந்த மாடலின் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கின்றன. பெரிய பேட்டரியை மட்டும் கழற்றியிருந்தால் இந்தத் திரை வராமலே போயிருக்கலாம். அந்த மாலையில் அந்தப் பிள்ளைக்கு இருந்த கவலை போதாதென்று நானும் ஒன்று சேர்த்துவிட்டேன். அதை அவளிடமும் அப்பாவிடமும் அங்கேயே சொன்னேன்.

மாறியதை மறுபடி பழைய நிலைக்கே வைத்தால் ஜாகா சாவி கேட்காமலே திறந்துவிட வாய்ப்பு உண்டு, இது பலருக்குத் தெரியாது. பயோஸ் அமைப்பை மாற்றியதால் இந்தத் திரை வந்தவர்கள் முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும். தேதியைச் சரிசெய்து, Secure Boot-ஐ மீண்டும் போட்டேன். ஆனால் இந்த மாடலில் அதைப் போட, எந்த மென்பொருளை நம்பலாம் என்று தொழிற்சாலையில் வைத்த கையெழுத்துப் பட்டியலை மீட்டெடு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. விண்டோஸ் அப்டேட்டுகள் அந்தப் பட்டியலில் பிற்பாடு சேர்த்தவை அப்படி மீட்டெடுக்கும்போது போய்விடும். பட்டியல் நேற்று மாதிரி இல்லை என்றால் ஜாகாவுக்கு மீண்டும் சந்தேகம்தான். மறுபடி அதே நீலத் திரை. நேரம் 10.28.

சாவி யாரிடம்

அதற்குள் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் போனில் வந்தார். "டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷினுல போட்டா ஃபைலை எடுத்துடலாமே" என்றார். பழைய காலத்தில் சரி. பூட்டிய டிஸ்க்கை எந்த மெஷினில் போட்டாலும் அதே 48 இலக்கத்தைத்தான் கேட்கும், லினக்ஸில் திறந்தாலும் அப்படியே. "அப்ப ஃபார்மேட் பண்ணிடு" என்றார். இது ஆபத்தான யோசனை. அந்த நீலத் திரையில் "Skip this drive" என்று ஒன்று வரும், அதற்குள் போனால் "Reset this PC" வரும். சாவி இல்லாமல் அதை அமுக்கினால் லேப்டாப் நன்றாக எழும்பும், ஆனால் 62 பக்கமும் போய்விடும். இந்த நேரத்துக்கு ஈப்போவில் பழுதுபார்க்கும் கடை எதுவும் திறந்திருக்காது என்றும் அவர் சொன்னார். அது உண்மை. திறந்திருந்தாலும் சாவியில்லாமல் அவர்களாலும் முடியாது.

சாவியை விண்டோஸ் உண்டாக்கிய அன்றே எங்காவது அனுப்பி வைத்திருக்கும். எங்கே என்பதுதான் கேள்வி. சொந்தக் கணக்கால் நுழைந்திருந்தால் இங்கே:

```
aka.ms/myrecoverykey
```

அவளுடைய போனில் திறந்து, அவளே தன் ஜிமெயில் முகவரியால் நுழைந்தாள். இந்தக் கணக்கில் சாவி எதுவும் இல்லை என்று வந்தது. அப்போது அவள் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அப்பா பெஞ்சில் மெமரி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்த லேப்டாப் வாங்கினப்ப முதல்ல எந்த மெயில் போட்டு ஆரம்பிச்சீங்க?"

யோசித்தாள். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் வாங்கியது. கல்லூரி மெயில் போட்டால் வேர்டும் எக்செலும் இலவசம் என்று சீனியர் ஒருவர் சொல்ல, அதைப் போட்டுத்தான் விண்டோஸையே தொடங்கினாள். பிறகுதான் சொந்தக் கணக்கையும் ஒன்டிரைவுக்காகச் சேர்த்திருக்கிறாள். அப்படியென்றால் சாவி கல்லூரியின் பக்கம் போயிருக்கும். அதற்கு வேறு முகவரி:

```
aka.ms/aadrecoverykey
```

கல்லூரி மெயிலால் நுழைந்தாள். போனுக்கு ஓர் உறுதிப்படுத்தும் எண் வந்தது, போட்டாள். அவள் பெயரில் பதிந்த ஒரே ஒரு லேப்டாப் வரிசையில் நின்றது, அதனுள் சாவி இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள், கை நடுங்கியது.

உடனே தட்டத் தொடங்கவில்லை. நீலத் திரையிலேயே சாவியின் அடையாளம் ஒன்று இருக்கும், நீளமான எழுத்தும் எண்ணும். அதன் முதல் எட்டும் போனில் உள்ளதன் முதல் எட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே கணக்கில் பழைய சாவிகளும் கிடக்கலாம், லேப்டாப்பை ஒருமுறை மறுநிறுவல் செய்திருந்தால் அதன் சாவி வேறாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தோம். பொருந்தியது.

கல்லூரிக் கணக்கு படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் மூடப்பட்டுவிடும். அவள் படிப்பு இன்னும் முடியவில்லை என்பதால்தான் அன்று இரவு பிழைத்தாள். முடிந்து ஓர் ஆண்டு கழித்து இதே இடி விழுந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. முன்னால் வைத்திருந்தவரின் கணக்கில் சாவி தங்கிவிட்டால், டிஸ்க்கை அழித்துப் புதிதாகத் தொடங்காதவரை அந்த லேப்டாப் பாதி அவருடையதுதான்.

தட்டிய விதம்

சாவி என்பது 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். நடுங்கும் கையில் போனைப் பிடித்துக்கொண்டு நேரடியாகத் தட்டினால் பிழை வரும் என்று, முதலில் அவளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எழுதியது சரியா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆறு இலக்கக் கூட்டமும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும்படிதான் சாவியை உண்டாக்குகிறார்கள். உதாரணத்துக்கு 234795 என்பதை 11ஆல் வகுத்தால் சரியாக 21345 வரும். கடைசி 5ஐ 6 என்று எழுதிவிட்டால் வகுபடாது. ஒரு கூட்டத்தில் எந்த ஓர் இலக்கம் தப்பினாலும் வகுபடாது, பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டை இடம் மாற்றி எழுதினாலும் வகுபடாது. கைப்பேசிக் கால்குலேட்டரில் எட்டு வகுத்தல், ஒரு நிமிட வேலை.

அவள் எழுதியதில் ஐந்தாவது கூட்டம் வகுபடவில்லை. பார்த்தால் 1ஐ 7 என்று எழுதியிருக்கிறாள். திருத்தினாள். பிறகு அவள் ஒவ்வொரு கூட்டமாக வாசிக்க, நான் தட்டினேன். எண் பொத்தான் எதுவும் வேலை செய்யாத லேப்டாப்பில் F1 முதல் F9 வரை 1 முதல் 9ஆகவும், F10ஐ 0ஆகவும் பயன்படுத்தலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

10.52க்கு விண்டோஸ் எழுந்தது. டெஸ்க்டாப்பில் அந்த ஃபோல்டர் அப்படியே இருந்தது. அப்பா எழுந்து வந்து திரையைப் பார்த்துவிட்டு, "இதுதானா பாப்பா?" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

திறந்து பார்க்க விடவில்லை. முதலில் ஃபோல்டரைப் பென்டிரைவில் ஒரு பிரதி, என் போனின் ஹாட்ஸ்பாட்டில் கூகுள் டிரைவில் ஒரு பிரதி. அங்கே இலவசமாகவே 15 ஜிபி கிடைக்கும், அவளுடையதில் நிறைய இடம் இருந்தது. அதிர்ச்சி வாங்கிய போர்டு இன்னும் எத்தனை நேரம் நிற்கும் என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. லேப்டாப் எழுந்த முதல் ஐந்து நிமிடம் ஃபைலுக்குச் சொந்தம்.

பிறகு வேர்டைத் திறந்தோம். இடி விழுந்தபோது அவள் ஐந்தாம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தாள், சேமித்து நேரமாகியிருந்தது. ஆனால் வேர்டு தானாகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மீட்புப் பிரதியை ஒதுக்கி வைக்கும். திறந்ததும் இடப்பக்கம் அந்தப் பிரதியைக் காட்டியது. அது காட்டாமல் போனால் இங்கே தேடலாம்:

```
%AppData%\Microsoft\Word
```

அதில் .asd என்று முடிகிற ஃபைல்கள்தான் அவை. கடைசியில் போனது இரண்டு பத்தி. வரைபடங்கள் எல்லாம் இருந்தன. கடையின் கம்ப்யூட்டரில் அவள் ஒரு மணி நேரமாகத் திரும்ப எழுதிய நான்காம் அத்தியாயத்தின் தொடக்கம் பழையதைவிட நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி, அதையே எடுத்து ஒட்டிக்கொண்டாள்.

லேப்டாப்பை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை. மறுபடி இடி இடித்துக்கொண்டிருந்தது. பென்டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அப்பாவோடு போனாள். காலை ஆறரைக்கு, அவர் பழம் வெட்டப் போகும் வழியில் கடையில் இறக்கிவிட்டார். என் கம்ப்யூட்டரிலேயே முடித்து, 10.40க்கு ஏற்றிவிட்டாள். திரையில் வந்த ஒப்புதல் செய்தியைப் போனில் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாள்.

அடுத்த சில நாள்

லேப்டாப்பை மூன்று நாள் என் மேசையில் ஓடவிட்டுப் பார்த்தேன். சார்ஜ் ஏறியது, தூங்கி எழுந்தது, சூடு ஏறவில்லை. போர்டு தப்பித்துவிட்டது என்றுதான் தோன்றியது. ஆனால் மின்னல் வாங்கிய போர்டு சில மாதம் கழித்துச் சாவதும் உண்டு, அதை அவர்களிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

கொடுப்பதற்கு முன் இரண்டு வேலை செய்தோம். டெர்மினலை நிர்வாகி உரிமையோடு திறந்து இதைத் தட்டினோம்:

```
manage-bde -status C:
manage-bde -protectors -get C:
```

முதல் வரி டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். இரண்டாவது, அந்த 48 இலக்கத்தையே திரையில் காட்டும். லேப்டாப் நன்றாக ஓடும்போது இதைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டால், கல்லூரிக் கணக்கு மூடப்பட்டாலும் கவலையில்லை. இதை லேப்டாப்புக்குள்ளேயே ஒரு ஃபைலாகப் போட்டு வைத்தால் பயனில்லை, பெட்டிக்குள் பெட்டியின் சாவியை வைப்பது மாதிரி.

பூட்டையே எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டார். எடுக்கலாம், அமைப்புகளில் ஒரு பொத்தான்தான். ஆனால் பஸ்ஸில், ஹாஸ்டலில் திரிகிற லேப்டாப் அது. திருடு போனால் அவளுடைய படமும் அடையாள அட்டைப் பிரதியும் யார் கையிலோ திறந்து கிடக்கும். பூட்டு இருக்கட்டும், சாவி வீட்டில் இருக்கட்டும் என்றேன்.

போன மாதம் புது மோடம் பொருத்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிறப்புச் சான்றிதழும் வீட்டுப் பத்திரமும் வைக்கும் பிளாஸ்டிக் உறையை அம்மா எடுத்து வந்து காட்டினார். நடுவில் நான்காக மடித்த ஒரு தாள். எட்டுக் கூட்டமும் நீல மையில், மேலே சாவியின் அடையாளத்தில் முதல் எட்டு எழுத்து சிவப்பில். ஐந்தாவது கூட்டத்தில் அந்த 1ஐ மட்டும் அவள் இரண்டு முறை அழுத்தி எழுதியிருந்தாள்.